பேட்ச் வந்ததும் செட்டிங்ஸைத் தொடாதீர்கள், முதலில் 720-இல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, போன வாரம் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சிஎஸ் 2-வில் எஃப்.பி.எஸ் நன்றாகவே குறைந்துவிட்டது. நடுநடுவே திக்கவும் செய்கிறது. ஒரு வருடமாக இதே செட்டிங்ஸில்தான் ஆடினேன், பிரச்சினையே இல்லை. யாராவது புது செட்டிங்ஸ் லிஸ்ட் போடும்வரை காத்திருக்கணுமா, இல்லை நானே சீக்கிரம் சரிசெய்ய வழி இருக்கா?

பதில்:

காத்திருக்க வேண்டாம் தம்பி, ஒரு மாலைப்பொழுது போதும். நான் வேளச்சேரியில் பன்னிரண்டு சிஸ்டம் போட்டு ஒரு கேமிங் சென்டர் நடத்துகிறேன். இந்த கேமைச் செய்யும் வால்வின் அப்டேட்கள் பெரும்பாலும் நம் ஊர்க் கணக்குக்கு விடிகாலையில்தான் இறங்கும். அன்று சாயங்காலம் காலேஜ் விட்டுப் பையன்கள் வரும்போது "அண்ணா, லேக் அடிக்குது" என்ற சத்தம் வராமல் இருக்க வேண்டும். அதனால் இந்த வேலையை வேகமாகச் செய்யப் பழகிக்கொண்டேன். நான் தட்டுத் தடுமாறிக் கற்றதில் பாதி, எதை முதலில் தொடக் கூடாது என்பதுதான்.

முதலில் அந்த லிஸ்ட் விவகாரம். திரையில் ஒரு ஃப்ரேம் வர இரண்டு பேர் உழைக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே போகிறது, எதை எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது சிபியு. அதை வாங்கி வரைவது கிராபிக்ஸ் கார்டு. இருவரில் யார் பின்தங்குகிறாரோ அவருடைய வேகம்தான் உங்கள் எஃப்.பி.எஸ். மற்றவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் கை கட்டிக் காத்திருப்பார். ஆகவே நல்ல செட்டிங்ஸ் என்பது உங்கள் சிஸ்டத்தில் பின்தங்குபவரின் சுமையைக் குறைப்பது, அவ்வளவுதான். பெரிய பேட்ச் வந்தால் பின்தங்கும் ஆளே மாறிவிடலாம். அப்போது ஒரு வருடமாக ஓடிய லிஸ்ட், காத்துக்கொண்டு சும்மா இருப்பவரின் சுமையைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு 2023 செப்டம்பர் 27-ஐ விட நல்ல உதாரணம் இல்லை. அன்றுதான் சிஎஸ்:கோ இருந்த இடத்தில் சிஎஸ் 2 வந்து உட்கார்ந்தது. பழைய எஞ்சினில் பெரும்பாலான சிஸ்டங்களில் சிபியுதான் பின்தங்கும். ரெசல்யூஷனைக் குறைத்தாலும் எஃப்.பி.எஸ் பெரிதாக ஏறாது. 4:3 ஸ்ட்ரெச்ட் வைத்திருந்தவர்கள் கண்ணுக்குப் பழகியதால் வைத்திருந்தார்கள். சோர்ஸ் 2 எஞ்சின் வந்ததும் வெளிச்சம், நிழல், அறை முழுக்கப் பரவி நிறையும் புகை எல்லாம் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுந்தது. அதுவரை சொகுசாக இருந்த சின்ன கார்டுகள் ஒரே நாளில் பின்தங்கிவிட்டன. முந்தின நாள்வரை பயனில்லாத அதே ரெசல்யூஷன் குறைப்பு, அந்த சிஸ்டங்களில் முதல் மருந்தானது. லாஞ்ச் ஆப்ஷனில் எல்லோரும் எழுதி வைத்திருந்த `-tickrate 128` அர்த்தமே இல்லாமல் போனது. இன்னமும் அதை வைத்திருக்கும் பையன்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கெடுதலும் இல்லை, பயனும் இல்லை, சாமி படம் மாதிரி இருக்கிறது. அதற்குப் பின் வந்த அப்டேட்களும் சிறிய அளவில் இதே வேலையைத்தான் செய்கின்றன: ஒரு பக்கத்தில் கொஞ்சம் சுமை ஏறும், இன்னொரு பக்கத்தில் கொஞ்சம் இறங்கும்.

சரி, உங்கள் சிஸ்டத்துக்கு வருவோம்.

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இரண்டு மூன்று மேட்ச் ஆடுவது. காரணம் ஷேடர். ஒவ்வொரு பொருளும் எப்படி மின்ன வேண்டும், புகை எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கான சின்னச் சின்ன நிரல்கள் அவை. உங்கள் கார்டுக்கு ஏற்றபடி அவற்றை டிரைவர் ஒரு முறை மொழிபெயர்த்து டிஸ்க்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். பேட்ச் அந்த நிரல்களை மாற்றினால் பழைய சேமிப்பு பொருந்தாது. புதிதாக ஒன்று தேவைப்படும் ஒவ்வொரு கணத்திலும் ஆட்டம் ஒரு நொடியில் சிறு பகுதி நின்று போகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. டஸ்ட் 2 மேப்பில் முதல் முறை புகை வெடித்தபோது திக்கியது, அதே மேட்ச்சில் மூன்றாவது புகைக்குத் திக்கவில்லை என்றால் அது ஷேடர் வேலை, தானே சரியாகிவிடும். மூன்றாவது மேட்ச்சிலும் அதே இடத்தில் அதே திக்கல் வந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டியது. உங்களுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது என்பதால் இந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பீர்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, ஷேடர் கேஷை அழித்துவிட்டு வருவது. பாதி மொழிபெயர்த்து முடித்த வேலையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வது போன்றது அது. நாலைந்து நாள் கழித்தும் திக்கல் போகவில்லை என்றால் விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் DirectX Shader Cache என்பதை மட்டும் டிக் செய்து அழித்துப் பார்க்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். இரண்டாவது தவறு, அதே நாளில் கிராபிக்ஸ் டிரைவரையும் அப்டேட் செய்வது. புது டிரைவர் வந்தால் எல்லா ஷேடரும் மறுபடி மொழிபெயர்க்கப்படும். அதோடு, எஃப்.பி.எஸ் குறைந்தது ஆட்டத்தாலா, டிரைவராலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாமல் போகும். ஒன்றை மாற்றி, அளந்து, அப்புறம் மற்றதை மாற்றுங்கள்.

இரண்டாவது வேலை, பேட்ச் உங்கள் செட்டிங்ஸையே மாற்றிவிட்டதா என்று பார்ப்பது. "அதே செட்டிங்ஸ்தான்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், பாதிப் பேருக்கு அது உண்மையாக இருப்பதில்லை. புதிதாக ஒரு ஆப்ஷன் சேர்ந்தாலோ, பழைய ஆப்ஷனின் படிகள் மாறினாலோ, கேம் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளும். வீடியோ செட்டிங்ஸ் எல்லாம் இந்தக் கோப்பில் இருக்கும். நடுவில் உள்ள எண் உங்கள் ஸ்டீம் கணக்குக்கு உரியது.

```
Steam\userdata\<எண்>\730\local\cfg\cs2_video.txt
```

நன்றாக ஓடும் காலத்தில் இதன் பிரதி ஒன்றை `cs2_video_old.txt` என்று அதே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் வந்த பிறகு அந்த ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடித்தால், மாறிய வரிகள், முன்னும் பின்னும் ஒட்டிய வரியோடு, வரி எண் போட்டு வரும்.

```
fc /n cs2_video_old.txt cs2_video.txt
```

என் சென்டரில் ஒருமுறை பன்னிரண்டு சிஸ்டத்தில் மூன்றில் மட்டும் `setting.msaa_samples` என்ற வரி 2-லிருந்து 8-க்குப் போயிருந்தது. ஏன் அந்த மூன்றில் மட்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டதும் வேலை முடிந்தது, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கோப்பை அப்படியே புதியதன் மேல் ஒட்டிவிடாதீர்கள். பேட்ச் புதிதாகச் சேர்த்த வரிகள் அதில் இருக்காது. வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, கேமுக்குள் போய்க் கையால் மாற்றுவதே நல்லது.

`autoexec.cfg` வைத்திருப்பவர் என்றால் அதையும் ஒரு கண் பாருங்கள். 2024 ஆகஸ்டில் ஒரே கீயில் ஒன்றுக்கு மேற்பட்ட நகர்வு, தாக்குதல் செயல்களைக் கோத்து வைக்கும் பைண்டுகளை வால்வ் தன் சர்வர்களில் நிறுத்தியது. அன்று சாயங்காலம் என் சென்டரில் ஐந்து பையன்களின் ஜம்ப்-த்ரோ வேலை செய்யவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். எஃப்.பி.எஸ்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், பேட்ச் குறிப்பை இரண்டு நிமிடம் படித்திருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது.

இனி அளப்பது. மேட்ச் ஆடும்போது மூலையில் தெரியும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுவரைப் பார்த்து நின்றால் 250, நடுவில் ஐந்து பேர் சுட்டுக்கொள்ளும்போது 90. எந்த நேரத்தில் பார்த்தீர்களோ அதுவே உண்மை என்று மனம் பிடித்துக்கொள்ளும். ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் CS2 FPS Benchmark என்று தேடினால் டஸ்ட் 2-வை வைத்துச் செய்த ஒரு மேப் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கேமரா ஒரே பாதையில் போகும், அதே இடங்களில் அதே புகை, அதே தீ. முடிந்ததும் கன்சோலில் இப்படி ஒரு வரி எழுதும்.

```
[VProf] FPS: Avg=104.2, P1=43.1
```

Avg என்பது சராசரி. P1 என்பது மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்கள் தொடங்கும் இடம். கைக்குத் திக்கலாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். என்னைக் கேட்டால் முதலில் P1-ஐத்தான் பார்ப்பேன். சராசரி 20 குறைந்ததைக் கண் பொறுத்துக்கொள்ளும். P1 விழுந்தால் எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில் அடி விழும்.

ஓட்டும் முறையில் ஒரு ஒழுங்கு வேண்டும். மூன்று முறை ஓட்டி முதலாவதைத் தூக்கிப் போடுங்கள், அது ஷேடர் ஏறும் ஓட்டம். மீதி இரண்டும் நான்கைந்து எண்ணுக்குள் ஒத்துப்போனால் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பின்னால் ஏதோ ஓடுகிறது. பெரும்பாலும் ஸ்டீமே வேறொரு கேமை இறக்கிக்கொண்டிருக்கும், அல்லது விண்டோஸ் அப்டேட். fps_max வரம்பு, வி-சிங்க் இரண்டையும் அளக்கும்போது எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் போட்ட வேலியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மே மாதத்து மதியம், ஏசி போடாத அறையில் ஓட்டிய எண்ணையும் இரவு பத்து மணிக்கு ஏசியில் ஓட்டிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். கார்டு சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என் சென்டரில் காலை ஷட்டர் திறந்தவுடன் ஓட்டுவதற்கும், கரண்ட் போய் வந்து அறை வெந்திருக்கும் நேரத்தில் ஓட்டுவதற்கும் ஒரே சிஸ்டத்தில் ஏழெட்டு எஃப்.பி.எஸ் வித்தியாசம் வந்திருக்கிறது. அதைப் பேட்ச்சின் கணக்கில் எழுதினால் அரை நாள் வீணாகும்.

இப்போது தலைப்பில் சொன்ன சோதனை. உங்கள் வழக்கமான செட்டிங்ஸில் 1920x1080-இல் ஓட்டிய எண் கையில் இருக்கிறது. வேறு எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1280x720 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், ஆனால் சிபியு போடும் கணக்கு அப்படியேதான் இருக்கும். எண் நன்றாக ஏறினால் பின்தங்கியது கார்டு. ஏறவே இல்லை என்றால் பின்தங்கியது சிபியு. இது தெரியாமல் செட்டிங்ஸில் கை வைப்பது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பார்க்காமலே வீட்டுத் தரையை உடைப்பது மாதிரி.

என் சென்டரிலேயே ஒரு அப்டேட்டின்போது இரண்டு சிஸ்டம் நேர் எதிராக நடந்துகொண்டன. அதைச் சொன்னால் விளங்கும்.

நாலாம் நம்பர் சிஸ்டம்: ஐ5-12400எஃப், ஜிடிஎக்ஸ் 1650, 16 ஜிபி ரேம். பேட்ச்சுக்கு முன் சராசரி 128, P1 58. பேட்ச்சுக்குப் பின் 104, 43. ரெசல்யூஷனை 720 ஆக்கியதும் 171, 69. ஏறிவிட்டது, ஆக கார்டுதான் பின்தங்குகிறது. இந்த 171-க்கும் 69-க்கும் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. 1080-இல் கார்டின் சுமையைக் குறைத்து எதுவரை போகலாம் என்பதற்கு ஒரு தோராயமான கூரை அது. P1-ஐ 69-க்கு வெகு மேலே ஏற்றும் செட்டிங் ஏதாவது இருக்கிறதா என்று இரவெல்லாம் தேட வேண்டியதில்லை.

பிறகு 1080-க்குத் திரும்பி ஒவ்வொன்றாகக் குறைத்தேன், ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓட்டம். Multisampling Anti-Aliasing Mode, அதாவது எம்எஸ்ஏஏ, 4X-இலிருந்து 2X: 115. Ambient Occlusion மீடியத்திலிருந்து Disabled: 124. Global Shadow Quality ஹையிலிருந்து மீடியம்: 131, P1 57. டெக்ஸ்சரை லோவாக்கினால் 132, அதாவது ஒன்றுமில்லை. உடனே பழையபடி வைத்துவிட்டேன். டெக்ஸ்சர் கார்டின் மெமரியைத்தான் தின்னும்; மெமரி நிரம்பி வழியாதவரை வேகத்தைத் தொடாது. பழைய நிலைக்கு ஏறக்குறைய வந்தாகிவிட்டது, ஓட்டங்களுக்கான நேரம் எல்லாம் சேர்த்து முக்கால் மணி.

இந்த மூன்றைத்தான் ஏன் தொட்டேன் என்று கேட்கலாம். எம்எஸ்ஏஏ ஒவ்வொரு விளிம்பையும் பல முறை மாதிரி எடுக்கிறது, சின்ன கார்டுக்கு அது பெரிய சுமை. ஆம்பியன்ட் அக்லூஷன் மூலைகளில் மெல்லிய இருட்டைச் சேர்ப்பது. படத்துக்கு அழகு, ஆட்டத்துக்கு ஒன்றும் இல்லை, யோசிக்காமல் எடுத்துவிடலாம். நிழல் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. சிஎஸ் 2-வில் கதவுக்குப் பின்னால் நிற்பவனின் நிழல் அவனுக்கு முன்னால் வெளியே வந்து விழும். அதைப் பார்த்துச் சுட்டு ரவுண்டு ஜெயித்தவர்கள் உண்டு. பழைய சிஎஸ்:கோ லிஸ்ட்டுகள் சில நிழலை அடிமட்டத்துக்குக் கொண்டு போகச் சொல்லும். இங்கே அப்படிச் செய்தால் தூரத்து நிழல் தெளிவாகத் தெரியாது. ஆகவே மீடியத்தோடு நிறுத்தினேன், Dynamic Shadows என்பதை All-இலேயே விட்டேன். Sun Only வைத்தால் விளக்கு வெளிச்சத்தில் விழும் நிழல்கள் போய்விடும்.

எஃப்.எஸ்.ஆர் போட்டால் எண் ஏறும், தெரியும். ஆனால் அது சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது. தூரத்தில் தலை என்பது பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். அதையும் மசமசப்பாக்கிவிட்டு 20 எஃப்.பி.எஸ் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலே சொன்ன மூன்றையும் குறைத்தும் போதவில்லை என்றால் மட்டும் அதன் குவாலிட்டி படியை முயலலாம்.

அடுத்து ஒன்பதாம் நம்பர்: ரைசன் 5 3600, ஆர்டிஎக்ஸ் 3060. நாலாம் நம்பரை விட விலையுயர்ந்த கார்டு, பையன்கள் சண்டை போட்டு உட்காரும் சீட். பேட்ச்சுக்குப் பின் அதில் சராசரி 165, P1 64. முன்பு 190-ஐ ஒட்டி இருந்தது. 720-க்கு இறக்கினேன்: 168, 65. அசையவே இல்லை. ஆக சிபியு. நாலாம் நம்பரில் செய்த மூன்று குறைப்பும் இங்கே ஒன்றும் தராது. ஓட்டிப் பார்த்தேன், தரவில்லை. சொல்லப்போனால் இந்த சிஸ்டத்தில் எம்எஸ்ஏஏ 4X வைத்தாலும் ஒன்றும் குறையவில்லை, படம் மட்டும் தெளிவாயிற்று. எல்லாவற்றையும் லோவில் போட்டு ஆடிக்கொண்டிருந்த பையன் ஒரு வருடமாகக் காரணமே இல்லாமல் அசிங்கமான படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிபியு பக்கம் கேமுக்குள் செய்ய அதிகம் இல்லை. நிழலை ஒரு படி குறைத்தால் கொஞ்சம் கிடைக்கும். நிழல் விழுவதற்கு அதே ஆட்களை இன்னொரு கோணத்தில் மறுபடி வரையச் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லும் வேலை சிபியுவுடையது. மற்றபடி கேமுக்கு வெளியேதான் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறந்தேன். ரேமின் வேகம் 2133 என்று இருந்தது. அது 3200 ரேம். முந்தின வாரம் எங்கள் பகுதியில் இரண்டு முறை மணிக்கணக்கில் கரண்ட் போனது. அந்த மதர்போர்டின் சின்ன வட்டமான பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, பயாஸ் தன் செட்டிங்ஸை மறந்துவிட்டது, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அணைந்துவிட்டது. ரைசன் சிபியுக்கள் ரேம் வேகத்தை நன்றாக உணர்பவை. முப்பது நாற்பது ரூபாய் பேட்டரியை மாற்றி, பயாஸில் எக்ஸ்எம்பியை மறுபடி போட்டதும் சராசரி 188, P1 81. அந்த சிஸ்டத்தில் பேட்ச்சால் போனது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பழியை மட்டும் பேட்ச் சுமந்தது.

அன்று நான் லிஸ்ட் ஒன்றைப் பார்த்து இரண்டு சிஸ்டத்திலும் ஒரே மாதிரி போட்டிருந்தால், நாலாம் நம்பர் பாதி சரியாகியிருக்கும், ஒன்பதாம் நம்பர் அப்படியே இருந்திருக்கும், நான் கேமைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் சொல்வார், பெரிய அப்டேட் வந்த வாரம் கார்டு மாற்றணும் என்று வருபவர்களில் பாதிப் பேரை ரேம் வேகத்தைப் பார்த்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்புவேன் என்று. வியாபாரிக்கு அது நஷ்டம்தான், ஆனால் அடுத்த முறை அவரிடம்தான் வருகிறார்கள்.

அளவெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வேலி போடும் வேலை. ஒன்பதாம் நம்பரில் சராசரி 188 என்றாலும் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். எஃப்.பி.எஸ் 250-க்கும் 90-க்கும் நடுவே குதித்துக்கொண்டே இருந்தால் கைக்குச் சீராக இருக்காது. ஜி-சிங்க் ஒத்துழைக்கும் மானிட்டரும் என்விடியா கார்டும் இருந்தால் ஜி-சிங்க், வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ரிஃப்ளெக்ஸ் தானே மானிட்டர் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்ளும், கணக்கு இதுதான்.

```
144 - (144 x 144 / 3600) = 138.24
```

ஆகவே 138-இல் நின்றால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் நிற்க வேண்டும். இப்படி நிறுத்துவது வேண்டாம், அதிகபட்ச எஃப்.பி.எஸ்தான் வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள், அதிலும் நியாயம் உண்டு; ஓரிரு மில்லிசெகண்டு தாமதம் குறையும். என் சென்டரில் வேலியோடுதான் விடுகிறேன், புகார் குறைவு. நாலாம் நம்பர் போல சராசரியே 144-க்குக் கீழே என்றால் அந்த 138 வேலிக்குப் பெரிய வேலை இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பெஞ்ச்மார்க்கில் எண் எல்லாம் பழையபடி வந்துவிட்டது, மேட்ச்சில் மட்டும் இன்னும் இழுக்கிறது என்றால் செட்டிங்ஸைத் தேடுவதை நிறுத்துங்கள். கேம் செட்டிங்ஸில் டெலிமெட்ரி பகுதியில் ஃப்ரேம் டைமையும் பேக்கெட் லாஸையும் எப்போதும் காட்டும்படி வையுங்கள். ஆள் தாவித் தாவி வரும் நேரத்தில் ஃப்ரேம் டைம் சீராக இருந்து, பேக்கெட் லாஸ் காட்டினால் அது நெட். பேட்ச் வந்த மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே பெரிய அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே இன்னொருவர் வைஃபையில் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஈத்தர்நெட் கேபிளைச் செருகி ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள்.

அப்புறம், பெரிய பேட்ச்சுக்குப் பின்னால் சில நாட்களில் சின்னத் திருத்தங்கள் ஒன்றிரண்டு பெரும்பாலும் வரும், அவற்றில் ஏதாவது ஒன்று எஃப்.பி.எஸ்ஸைத் தொட்டிருக்கலாம். ஆகவே முதல் நாளே எல்லா செட்டிங்ஸையும் செதுக்கி முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்: தேதி, 1080 எண், 720 எண், என்ன மாற்றினேன். சின்ன அப்டேட் வந்தால் அந்த இரண்டு ஓட்டம் மட்டும். எண் பழையபடி இருந்தால் ஷட்டரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

நீங்கள் இன்று இரவு 1080-இல் மூன்று ஓட்டம், 720-இல் மூன்று ஓட்டம் ஓட்டி Avg, P1 இரண்டையும் எழுதுங்கள். சிபியு, கார்டு, டாஸ்க் மேனேஜர் காட்டும் ரேம் வேகம், ஏசி ஓடியதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எதில் கை வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.